நாலு பார்சலா, ஒரே லோடா? திருப்பூர் சரக்கைச் சேர்த்து வரவழைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

பெங்களூரு ஸ்ரீராம்புரத்திலோ சிவாஜி நகரிலோ சின்ன ஜவுளிக் கடை வைத்திருப்பவர், திருப்பூர் தயாரிப்பாளர் ஒருவரிடம் வாராவாரம் பனியனும் டி-ஷர்ட்டும் வாங்குகிறார். ஒவ்வொரு ஆர்டரும் 20 முதல் 40 கிலோ. ஒவ்வொன்றும் தனி எல்ஆரில், அதாவது தனி லாரி ரசீதில், லாரி பார்சலில் வருகிறது. வாடகை இங்கே கட்ட வேண்டிய ‘டூ பே’. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையாக அனுப்பச் சொன்னால் வாடகை குறையாதா என்ற கேள்வி இயல்பாகவே வரும். குறையும். எவ்வளவு குறையும், அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வழிகள் மூன்று: இப்போது நடப்பது போலவே நாலு பார்சல், இரண்டிரண்டு ஆர்டராகச் சேர்த்து மாதம் இரண்டு லோடு, நாலையும் சேர்த்து மாதம் ஒரே லோடு. ஒரு மாத ஆர்டர்கள் 22, 35, 18, 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் கட்டணங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் பார்சல் ஆபீஸ் கட்டணத்தை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

வாடகை எங்கே ஏறுகிறது

கிலோவுக்கு 6 ரூபாய், எல்ஆர் ஒன்றுக்கு 75 ரூபாய், ஒரு எல்ஆருக்குக் குறைந்தபட்சம் 50 கிலோவுக்கான வாடகை. டோர் டெலிவரி இரண்டு பெட்டி வரை 150, மூன்று பெட்டிக்கு 200, ஐந்தாறு பெட்டிக்கு 250 ரூபாய். பனியன் சரக்கில் பலரும் தவறவிடுவது பெட்டியின் அளவு. எடை குறைவாக இருந்து இடம் அதிகம் அடைத்தால், பார்சல் ஆபீஸ் கன அடிக்கு இத்தனை கிலோ என்று கணக்கிட்டு, நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதைத்தான் பில்லில் போடும். 60 × 45 × 45 செ.மீ. அட்டைப்பெட்டி சுமார் 4.3 கன அடி. கன அடிக்கு 8 கிலோ என்றால் அது 34 கிலோ. உள்ளே இறுக்கி நிரப்பி 23 கிலோ சரக்கு இருந்தாலும் 34 கிலோவுக்குத்தான் வாடகை. 18 கிலோ இருந்தாலும் அதே 34 கிலோதான்.

| | நாலு பார்சல் | மாதம் இரண்டு லோடு | மாதம் ஒரு லோடு |
|---|---|---|---|
| பெட்டிகள் | 6 | 6 | 5 |
| வாடகைக்கு எடுக்கும் எடை | 236 கிலோ | 204 கிலோ | 170 கிலோ |
| மொத்தச் செலவு | 2,316 ரூ. | 1,774 ரூ. | 1,345 ரூ. |

ஒரு லோடு வழியில் 971 ரூபாய் மிச்சம். ஆனால் சப்ளையர் நாலு ஆர்டரையும் கலந்து, ஐந்து பெட்டியில் இறுக்கமாகக் கட்டினால்தான் இந்த எண் வரும். ஆர்டர் வாரியாகக் கட்டி வைத்த ஆறு பெட்டிகளை அப்படியே ஏற்றினால் செலவு 1,549. மிச்சம் 767 ஆகிவிடும். ஆகவே சேர்த்து அனுப்பச் சொல்லும்போதே, பெட்டியைப் பிரித்துக் கட்ட ஆள் உண்டா என்றும் கேட்க வேண்டும். அட்டைப்பெட்டிக்குப் பதில் பேல் கட்டினால் இடம் இன்னும் குறையும். டி-ஷர்ட்டுக்கு அது சரி. ஒவ்வொரு பனியனும் தனி அட்டை டப்பாவில் வருகிற ரகத்துக்கு வேண்டாம்: டப்பா நசுங்கிவிட்டால் உள்ளே இருக்கும் பனியன் நன்றாக இருந்தாலும் கடையில் விலை குறைத்துத்தான் விற்க வேண்டியிருக்கும்.

ஆர்டரைச் சேர்ப்பதா, அனுப்புவதைச் சேர்ப்பதா

சப்ளையரிடம் பேசுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. அவர் ரெடி ஸ்டாக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் என்றால் அவரைத் தொந்தரவு செய்யவே வேண்டாம். இரண்டு வாரத் தேவையை உங்கள் நோட்டிலேயே சேர்த்து வைத்து, ஒரே ஆர்டராகக் கொடுத்துவிடலாம். அவரிடம் எதுவும் தேங்காது, எந்தச் சலுகையும் கேட்க வேண்டியதில்லை.

ஆர்டர் வந்த பிறகுதான் வெட்டித் தைப்பவர் என்றால் கதை வேறு. ஆர்டரைத் தாமதமாகக் கொடுத்தால் தையலும் தாமதமாகும். அங்கே ஆர்டர் வாராவாரம் போக வேண்டும், அனுப்புவது மட்டும் சேர வேண்டும். இந்த இடத்தில் முதல் ஆர்டர் சரக்கு தைத்து முடிந்து ஒரு வாரம் அவர் குடோனில் கிடக்கும். நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் அவர் போட்ட பணமும் அதோடு கிடக்கும். வாடகை ‘டூ பே’ என்பதால், மாதம் இரண்டு லோடு வழியில் மிச்சமாகும் 542 ரூபாயில் அவருக்கு ஒரு பைசா கிடையாது. சப்ளையர்கள் இந்த யோசனைக்கு ‘பார்க்கலாம்’ என்று சொல்லி விட்டுவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

அவருக்கும் ஆதாயம் ஒன்றிரண்டு உண்டு. பார்சல் ஆபீசுக்கு நாலு நடை இரண்டாகிறது, பில் போடும் வேலை பாதியாகிறது. அதற்கு மேல் நீங்கள் தரக்கூடியது நிச்சயம்: எந்தக் கிழமைக்குள் ஆர்டர் முடியும், அதற்குப் பிறகு சைஸும் எண்ணிக்கையும் மாறாது என்ற உறுதி. தைத்து முடித்த பிறகு ‘90-ஐ 95 ஆக்கிக் கொடுங்க’ என்று வரும் போன்தான் தயாரிப்பாளருக்கு வாடகையை விடப் பெரிய நஷ்டம்.

பில் தேதியில் உள்ள சிக்கல்

சரக்கு வெளியேறும்போதோ அதற்கு முன்போ பில் போடலாம் என்பது ஜிஎஸ்டி சட்டம். சேர்த்து அனுப்புவதில் இந்த ‘முன்போ’தான் தகராறுக்கு இடம் கொடுக்கும். முதல் ஆர்டர் 28-ம் தேதி ரெடி, அன்றே பில். லோடு கிளம்பியது அடுத்த மாதம் 4-ம் தேதி. அவர் பில் போட்ட மாதக் கணக்கிலேயே வரியைக் கட்டியாக வேண்டும். நீங்களோ சரக்கு கைக்கு வந்த பிறகுதான் உள்ளீட்டு வரி வரவை எடுக்க முடியும். 30 நாள் கடனை அவர் பில் தேதியிலிருந்து எண்ணினால், சரக்கைப் பார்ப்பதற்குள்ளேயே ஒரு வாரம் போய்விட்டது. அனுப்பும் நாளில் பில் என்று முதலிலேயே பேசிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

அவர் உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு தயாரிப்பாளர் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போக வேண்டும். ஆண்டு முடிவில் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, பணம் கட்டும் வருடம் வரை உங்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே சரக்கை அவர் ஒரு வாரம் கூடுதலாக வைத்திருப்பதற்கு ஈடாக, கடன் நாளைக் குறைத்து ஒப்புக்கொள்வது நியாயமான பேரம்.

இ-வே பில்லையும் கணக்கில் எடுக்க வேண்டும். வரியோடு கிலோவுக்கு 550 ரூபாய் மதிப்பு என்றால், 57 கிலோ லோடு 31,350 ரூபாய். 115 கிலோ லோடு 63,250 ரூபாய். மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். திருப்பூர்–பெங்களூரு தூரம் 300 கி.மீ.க்கு மேல், 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில் இரண்டு நாள் செல்லுபடி. இதுவரை சின்னப் பில்லே போட்டுவந்தவர் முதல் பெரிய லோடில் இதை மறந்தால், வண்டி வழியில் நிற்கும். இதற்குப் பயந்து ஒரு லோடைத் துண்டு பில்களாக உடைக்கச் சொல்லாதீர்கள். மாட்டினால் அபராதம் மிச்சமான வாடகையை விழுங்கிவிடும்.

கேட்கும் விதம்

இரண்டு வாட்ஸ்அப் செய்திகளை அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது:

“அண்ணா, இனிமே எல்லா ஆர்டரையும் சேர்த்து மாசம் ஒருக்கா அனுப்புங்க. வாடகை ரொம்ப ஆகுது.”

இதில் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அவர் கருத்துக்கு இடமே இல்லை. சரி என்பார், பிறகு ஒரு சைஸ் தயாராகவில்லை என்று முழு லோடும் பத்து நாள் நிற்கும். இரண்டாவது:

“அண்ணா, வணக்கம். இப்போ மாசம் நாலு எல்ஆர்ல சரக்கு வருது, வாடகை 2,316 ஆச்சு. ரெண்டு ரெண்டு ஆர்டரா சேர்த்து, ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் அனுப்பினா 540 கிட்ட குறையும்னு கணக்கு வருது. ஆர்டரை வழக்கம்போல வாராவாரம் குடுத்துடறேன். குடுத்த பிறகு எதையும் மாத்த மாட்டேன். வியாழக்கிழமை ரெடியா இருக்கறது மட்டும் போகட்டும், மீதி அடுத்த லோடுல வரட்டும். பில்லை அனுப்பற தேதியில போட முடியுங்களா? முதல் ஆர்டர் ஒரு வாரம் உங்க குடோன்ல இருக்கும், இடத்துக்கும் பணத்துக்கும் சிரமமா இருக்குமான்னு சொல்லுங்க. அதுக்கு 30 நாள் கடனை 25 ஆக்கிக்கலாம். வேற கிழமை வசதின்னாலும் சரி.”

நீளமாக இருந்தாலும் இதற்கு அவரால் குறிப்பாகப் பதில் சொல்ல முடியும். ‘ரெடியா இருக்கறது மட்டும் போகட்டும்’ என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு ரகத்துக்காக எல்லாம் காத்திருப்பதைத் தடுப்பது அதுதான். ‘முதல் ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்கூட்டியே போடுங்க’ என்று அவர் கேட்டால், கடனை 25 நாளாகக் குறைப்பதை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக இதை ஏற்கலாமா என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 542 ரூபாய் மிச்சத்துக்கு அது அதிக விலை.

எது யாருக்கு

வாராவாரம் தீர்ந்துபோகும் வெள்ளைப் பனியன் போன்ற ரகத்துக்கு மாதம் ஒரு லோடு வேண்டாம். இரண்டு லோடு வழியிலும் கவனம் தேவை: ஒரு பனியனில் 30 ரூபாய் லாபம் என்றால், சைஸ் இல்லை என்று மாதத்தில் 18 பனியன் விற்பனை கைவிட்டுப் போனாலே அந்த 540 ரூபாய் போய்விடும். மழைக்கோட்டு, ஸ்வெட்டர் போல முன்கூட்டியே வாங்கி வைக்கும் சரக்குக்கு ஒரே லோடு தாராளமாகப் போதும். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம் எந்தச் சேர்ப்பும் வேண்டாம். பார்சல் ஆபீஸ்களில் அப்போது சரக்கு தேங்கும், ஒரே எல்ஆரில் எல்லாம் மாட்டிக்கொண்டால் கடை காலியாக நிற்கும்.

சேர்ந்து வரும் லோடில் பெட்டி காணாமல் போகலாம், ஆர்டர் கலந்துபோகலாம். ஒவ்வொரு பெட்டியின் இரண்டு பக்கமும் ‘3/5’ என்பது போல எண்ணும், உள்ளே எந்த ஆர்டரின் எந்த சைஸ் எத்தனை என்ற சீட்டும் இருக்கச் சொல்லுங்கள். டெலிவரி ஆள் அவசரப்படுத்தினாலும் பெட்டிகளை எண்ணுங்கள். குறைவோ, ஈரமோ, கிழிசலோ இருந்தால் எல்ஆர் நகலிலேயே எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிய பிறகு உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் போனில் சொன்னால், பார்சல் ஆபீஸ் ‘சரக்கு சரியாகப் பெறப்பட்டது’ என்ற நகலையே காட்டும்.