ஆழமாக ஒரு கம்பியா, நீளமாக ஒரு பட்டையா?

பினாங்கு பாயா தெருபோங் மலையடிவாரத்தில் ஒரு சிறு கோயிலுக்கு இடிதாங்கி எர்த்திங் போட வேண்டியிருந்தது. இரண்டு யோசனைகள் வந்தன. 1.5 மீட்டர் கம்பிகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து 6 மீட்டருக்கு இறக்குவது ஒன்று. 60 செ.மீ. ஆழத்தில் செப்புப் பட்டையைக் கிடைமட்டமாகப் புதைப்பது மற்றொன்று. நான் பட்டையின் பக்கம் சாய்ந்தேன். விலையும் வேலையாள் கூலியும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். முடிவு செய்தது மண்ணின் எண்கள்.

மண்ணை அளக்கும் நான்கு முளை முறையில் உலோக முளைகளை ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் ஊன்றுகிறோம். வெளி முளை இரண்டிலும் மின்னோட்டம் செலுத்தி, உள் முளை இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் பார்த்தால் மீட்டர் மின்தடை R-ஐக் காட்டும். மண்ணின் தடையெண் ρ = 2πaR; a என்பது இடைவெளி. முளை மண்ணுக்குள் போகும் ஆழம் இடைவெளியில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. 1 மீட்டர் இடைவெளிக்கு 5 செ.மீ. போதும். இடைவெளியைக் கூட்டினால் அளவீடு இன்னும் ஆழமான மண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது.

எங்கள் மீட்டரில் இடைவெளி 1, 2, 4, 8 மீட்டருக்கு R முறையே 38, 28, 25, 22 ஓம். எண் இறங்குகிறதே, ஆழம் போனால் நல்லதுதானே என்று பலருக்கும் தோன்றும். ஆனால் மண் எல்லா ஆழத்திலும் ஒரே மாதிரி இருந்தால், இடைவெளி இரட்டிப்பாகும்போது R பாதியாக வேண்டும். இங்கே அது பாதிக்கு அருகில்கூட வரவில்லை. தடையெண்ணாக மாற்றினால் ஏறத்தாழ 240, 350, 630, 1,100 ஓம்-மீட்டர். மேலே ஈர மண், கீழே கருங்கல் நெருங்கி வருகிறது என்று பொருள்.

இதை இரண்டு அடுக்காக எடுத்துக்கொண்டேன்: மேல் 2 மீட்டருக்கு 230, அதற்குக் கீழே 1,500 ஓம்-மீட்டர். 16 மி.மீ. கம்பியை 2 மீட்டர் மட்டும் இறக்கினால் எர்த்தின் தடை சுமார் 108 ஓம். 6 மீட்டருக்கு இறக்கினாலும் தோராயக் கணக்கு 98தான் தருகிறது. கூடுதல் 4 மீட்டரை அடிக்கும் உழைப்புக்குக் கிடைப்பது வெறும் பத்து ஓம், அதுவும் கம்பி பாறையில் முட்டி வளையாமல் போனால்.

25 மி.மீ. அகலப் பட்டை 20 மீட்டர் போட்டால், மேல் மண்ணின் 230ஐ வைத்தால் 18 ஓம் வரும். அதை நம்பக்கூடாது. இருபது மீட்டர் பட்டையிலிருந்து பாயும் மின்னோட்டம் மேல் மண்ணோடு நிற்பதில்லை, கீழே பாறை வரை பரவும். அதனால் 4 மீட்டர் இடைவெளியின் 630ஐ வைத்தும் போட்டுப் பார்த்தேன்: 50 ஓம். உண்மை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். மோசமான கணக்கிலும் ஆழக் கம்பியில் பாதிதான் வருகிறது.

எர்த் தடைக்குப் பலரும் வைக்கும் 10 ஓம் இலக்கு எட்டவில்லையே என்று கேட்பார்கள். இடிதாங்கிக்கான IEC 62305 தரத்தில் 10 ஓம் ஒரு பரிந்துரைதான்; எர்த் அமைப்பின் வடிவமும் அளவும் அங்கே முக்கியம். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, குறைந்தது அரை மீட்டர் ஆழத்தில் கட்டடத்தைச் சுற்றி வரும் வளையம் அந்தத் தரத்துக்கு ஏற்றது. பட்டையை அப்படித்தான் வளையமாக முடித்தோம். எண்ணுக்காக ஆழக் கம்பியைத் துரத்தியிருந்தால் வளையமும் கிடைத்திருக்காது.

இதே விடையைப் பினாங்கின் பெருநிலக் கரையில் உள்ள பிறை ஊர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கடலோரக் களிமண்ணில் அதே நான்கு இடைவெளிகளுக்கு R 24, 8, 2, 0.5 என்று சரிந்தால் தடையெண் 150இலிருந்து 25க்கு இறங்குகிறது. அங்கே ஒரே 6 மீட்டர் கம்பி 5 ஓமுக்கு வந்துவிடும், 1.5 மீட்டர் கம்பிகள் நான்கைத் தனித்தனியாக அடித்தாலும் 22க்குக் குறையாது. வறண்ட மாதங்களில் மேல் மண் காயும்போது கீழே உள்ள ஈரக் களிமண் அவ்வளவாக மாறாது என்பதும் கம்பிக்குச் சாதகம்.

கோலாலம்பூர் சுண்ணாம்புக்கல் நிலத்தில் நான் அதிகம் அளந்ததில்லை. அங்கே பாறையின் தலை சில மீட்டருக்குள்ளேயே ஏறி இறங்கும் என்பதால் ஒற்றைக் கோட்டு அளவீடு போதாது. புதைந்த இரும்புப் பைப் முளைகளுக்கு இணையாக ஓடினாலும் எண் பொய்யாகக் குறையும். இரண்டுக்கும் நான் செய்வது ஒன்றுதான்: முதல் கோட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோட்டிலும் அளந்து, இரண்டும் விலகினால் பெரிய தடையெண்ணை வைத்தே கணக்குப் போடுவேன்.