கார் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று போனேன், கேஸ் நிரப்பி அனுப்பினார்கள்

சென்னையில் ஐப்பசி மழை பிடித்துவிட்டதால் இதை இப்போதே எழுதிவிடுகிறேன். போன வருடம் இதே நாட்களில் என் காருக்குத் தேவையே இல்லாத வேலைகளுக்காக 5,664 ரூபாய் கட்டினேன். இன்னும் 23,500 கட்டுவதற்கும் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன். எந்த சர்வீஸ் சென்டர் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அங்கே சொன்ன கதை உங்களிடமும் சொல்லப்படலாம்.

வண்டி ஆறு வயதான ஹேட்ச்பேக். வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும். மரத்தைச் சும்மா சொல்லவில்லை, கதையில் அதற்கும் பங்கு இருக்கிறது.

ஒரு ஞாயிறு இரவு செங்கல்பட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். நல்ல மழை. அம்மாவுக்குக் குளிரவே ஏசியை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் ஓடவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, முன்கண்ணாடி முழுக்க வெள்ளைத் துணி போர்த்தியது போல் ஆகிவிட்டது. ஜிஎஸ்டி சாலையில் பக்கத்தில் லாரி, எதிரே ஒன்றும் தெரியவில்லை. மனைவி துப்பட்டாவால் துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினேன். அதற்கு முன்பே ஒரு மாதமாகக் காலையில் வண்டியைத் திறந்தால் எல்லாக் கண்ணாடியும் உள்பக்கம் வேர்த்திருக்கும். மழைக்காலம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சர்வீஸ் சென்டர். அட்வைசர் வண்டிக்குள் உட்காரக்கூட இல்லை. “ஏசி கேஸ் கம்மியா இருக்கும் சார், அதான் ஈரத்த இழுக்கல. டக்ட் கிளீனிங்கும் பண்ணிடுவோம். கண்ணாடிக்கு ஆன்ட்டிஃபாக் கோட்டிங் ஒண்ணு போட்டா திரும்ப வராது” என்றார். கேஸுக்கு 2,200, கிளீனிங்குக்கு 1,400, கோட்டிங்குக்கு 1,200, மேலே வரி. கட்டிவிட்டு வந்தேன்.

கோட்டிங் நான்கு நாள் தாங்கியது. அது ஈரத்தை எடுப்பதே இல்லை. பொடிப்பொடியாகப் படியும் நீரை ஒரே படலமாக விரித்துவிடும், அதனால் பார்வை மறைவதில்லை, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் பழைய கதை. திரும்பப் போனேன். இந்த முறை முகத்தைக் கொஞ்சம் சீரியஸாக வைத்துக்கொண்டு, “கூலிங் காயில் லீக் சார். டேஷ்போர்டை முழுசா இறக்கணும்” என்று 23,500க்கு எஸ்டிமேட் அனுப்பினார்கள். முன் இருக்கைக் கால் பக்கம் கார்பெட் ஈரமாக இருப்பதை நானே காட்டினேன். “குடை வெச்சிருப்பீங்க சார்” என்றார்.

அந்தக் குடைதான் என்னைக் காப்பாற்றியது. நாங்கள் குடையைப் பின்னால்தான் போடுவோம்.

நண்பர் ஒருவர் சொல்லி, கார் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். சின்னக் கடைதான். எதையும் கழற்றுவதற்கு முன் அவர் ஏசியைப் போட்டு, காற்று வரும் வாயில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகினார். சில நிமிடத்தில் 8 டிகிரிக்கு இறங்கியது. “கேஸ் கம்மியா இருந்தா இவ்வளவு குளிருமா? இல்ல, காயில் லீக்னா அவங்க அடிச்ச கேஸ் இத்தன நாள்ல நிக்குமா?” என்று கேட்டார். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், ஒழுகும் இடத்தைப் பார்க்காமல் நிரப்புவது வீண். என் பில்லில் லீக் டெஸ்ட் என்று ஒரு வரி இல்லை.

அடுத்து, “முன்னாடியெல்லாம் ஏசி போட்டு நிறுத்தினா வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுமே, இப்ப சொட்டுதா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. ஏசியை இருபது நிமிடம் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தோம். தரை காய்ந்து கிடந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. மழை நாளில் நம் ஊர் வெளிக்காற்று 24 டிகிரி அளவில் இருக்கும்போது, ஒரு கன மீட்டரில் 20 கிராம் அளவுக்குத் தண்ணீர் ஆவியாக இருக்கும். அது கூலிங் காயிலின் மேல் பட்டுக் குளிரும்போது பாதிக்கு மேல் தண்ணீர் துளியாகிக் கீழே தட்டில் விழும். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். என் வண்டியில் அந்தக் குழாய் அடைத்திருந்தது. தண்ணீர் தட்டில் நிரம்பி, வழிந்து, இடது முன் இருக்கையின் கார்பெட்டுக்கு அடியில் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏசி ஓடும்வரை காயில் குளிர்ந்திருப்பதால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அணைத்த அடுத்த நொடியிலிருந்து ப்ளோயர் அந்த ஈரக் காயிலின் மேல் ஊதி, இருக்கிற தண்ணீரையெல்லாம் ஆவியாக்கி நேராகக் கண்ணாடியில் அடிக்கும். மழைத் தண்ணீர் ஓடுவதால் கண்ணாடி குளிர்ந்தே இருக்கிறது. அப்புறம் என்ன ஆகும்? செங்கல்பட்டு இரவில் நடந்தது இதுதான்.

சரி, உள்ளே இருக்கும் ஆவி வெளியே போய்த் தொலையக் கூடாதா? போவதற்கு வழி இல்லை. பெரியவர் குளவ் பாக்ஸைக் கழற்றி, ப்ளோயர் உள்காற்றை இழுக்கும் வாயருகே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தார். பச்சென்று ஒட்டிக்கொண்டது. வெளிக்காற்று பட்டனை அழுத்தினார். டேஷ்போர்டில் விளக்கு மாறியது, பேப்பர் அசையவில்லை. வெளிக்காற்றுக்கு மாறியிருந்தால் பேப்பர் விழுந்திருக்க வேண்டும், ப்ளோயர் சத்தமும் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் தடுப்புக் கதவு ரீசர்குலேஷன் நிலையிலேயே சிக்கியிருந்தது. ஐந்து பேர் விட்ட மூச்சும் கார்பெட் ஈரமும் திரும்பத் திரும்ப அதே பெட்டிக்குள் சுற்றியிருக்கின்றன.

கதவின் கீலில் ஒரு வேப்பங்குச்சி. கதவைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் அதோடு மல்லுக்கட்டிப் பல் கொட்டியிருந்தது. பட்டனை அழுத்தினால் டிக் டிக் டிக் என்று சில நொடி சத்தம் வரும். அதை நான் சர்வீஸில் சொல்லியும் இருக்கிறேன். “அது நார்மல் சார்” என்றார்கள்.

பெரியவர் கேபின் ஃபில்டர் தட்டை இழுத்தார். காலி. ஃபில்டர் இல்லை. அழுக்காகவோ கிழிந்தோ இருந்தால்கூடப் பரவாயில்லை, இடமே வெறுமையாக இருந்தது. வைப்பர் அடியில் விழுந்த வேப்பிலைத் தூளெல்லாம் தடுக்க ஆளில்லாமல் காயில்வரை போய், தண்ணீரோடு சேர்ந்து சேறாகி, அந்த ரப்பர் குழாயை அடைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். கடைசி இரண்டு சர்வீஸிலும் ‘கேபின் ஃபில்டர் – 620’ என்று இருந்தது.

வேலை அரை நாளில் முடிந்தது. குழாயை அடியிலிருந்து மெல்லிய ஒயரால் குத்தியதும் கருப்பாகத் தண்ணீர் கொட்டியது. அழுத்தமான காற்று அடிக்கக் கூடாதாம், குழாய் உள்பக்கம் கழன்றுவிட்டால் பிறகு நிஜமாகவே டேஷ்போர்டை இறக்க வேண்டிவரும். குச்சியை எடுத்துவிட்டு மோட்டார் 1,150க்குப் புதிது போட்டார். ஃபில்டர் 450, கூலி 1,200. மொத்தம் 2,800.

கார்பெட்தான் இழுபறி. மேலே தொட்டால் லேசாகத்தான் ஈரம், ஆனால் அதற்கு அடியில் இருக்கும் பஞ்சு மெத்தை தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, சீட்டின் நான்கு போல்ட்டையும் கழற்றி, மெத்தையை வெளியே எடுத்துப் பிழிந்ததில் மூன்று லிட்டராவது வந்திருக்கும். ஹாலில் ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் கிடந்தது, வீடே ஈரநாய் வாடை. இதைச் செய்யாமல் குழாயை மட்டும் சரிசெய்தால் ஆவி படிவது வாரக்கணக்கில் நிற்காது. உங்கள் கார்பெட் ஈரத்துக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். ஏசி போடாத நாளிலும் மழை பெய்தால் நனைகிறது என்றால் கதவு ரப்பரையோ வைப்பர் அடியில் இருக்கும் வடிகாலையோ பாருங்கள். இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட்.

என் பங்குக்கு நானும் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். மழையில் கண்ணாடி மூடினால் ஏசியை முழுக் குளிரில் வைத்துக் கண்ணாடிக்குத் திருப்புவேன். உள்ளே தெளியும், ஆனால் கண்ணாடி வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து வெளிப்பக்கம் மூடிக்கொள்ளும். வைப்பர் போட்டதும் போனால் அது வெளிப்பக்கம் என்று தெரிந்துகொள்ளலாம். பெரியவர் காட்டிய முறை இது: காற்று முன்கண்ணாடிக்கு, ஏசி ஆன், வெளிக்காற்று, ப்ளோயர் மூன்றில், வெப்பநிலைக் குமிழ் நடுவிலிருந்து கொஞ்சம் சிவப்புப் பக்கம். ஏசியும் ஹீட்டரும் ஒன்றாக ஓடலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். காயில் ஈரத்தை எடுக்கிறது, ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்குகிறது. அம்மாவுக்கும் குளிராது. பின்கண்ணாடிக்கு அந்தக் கம்பிக்கோட்டு பட்டன் தனி, பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும்.

பழைய பில் இரண்டையும், காலித் தட்டின் படத்தையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முதலில் “வெளில யாராவது எடுத்திருப்பாங்க சார்” என்றார்கள். மாற்றிய பழைய ஃபில்டரை ஒரு முறையாவது என்னிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப்போகிறேன் என்று சொன்ன பிறகு மேனேஜர் வந்தார். ஃபில்டர் காசு 1,240 திரும்பக் கிடைத்தது. கேஸுக்கும் கோட்டிங்குக்கும் கட்டியது “வேலை செஞ்சாச்சு சார்” என்பதோடு போயிற்று. காயில் மாற்றச் சொன்ன அந்த எஸ்டிமேட்டுக்குக் கீழே, “அப்ரூவ் பண்ணிடவா சார்?” என்று அட்வைசர் மூன்று முறை கேட்டிருந்தது இன்னும் என் வாட்ஸ்அப்பில் இருக்கிறது.