கொழிஞ்சாம்பாறையில பர்த் சர்டிபிகேட் மொழிபெயர்ப்பு: "கனடாவுக்கு"ன்னு மட்டும் சொன்னா பத்தாதுங்க

இந்த லீவுக்கு ஊருக்கு வந்தப்ப சின்னம்மா பொண்ணு ஒரு பேப்பரோட வந்துச்சு. அவ வீட்டுக்காரர் கனடாவுல இருக்கார், ஸ்பான்சர் பண்ணிக் கூப்பிடுறார். இவளோட பர்த் சர்டிபிகேட் பழசு, பஞ்சாயத்துல கையால மலையாளத்துல எழுதிக் குடுத்தது. அதுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும்னு ஒரு டிடிபி கடைக்குப் போயிருக்கா. கடையில கேட்ட ஒரே கேள்வி "எந்த நாட்டுக்கு?"ங்கிறதுதான், இவளும் "கனடா"ன்னிருக்கா, அவங்க இருக்குற ஃபார்மட்டுல டைப் அடிச்சு கீழ நோட்டரி வக்கீல் சீல் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டாங்க.

வாங்கிப் பாத்ததும் எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. மொழிபெயர்த்தது யாருன்னே அதுல இல்ல. நடுவுல வயலட் மையில வட்டமா பஞ்சாயத்து சீல் இருக்குல்ல, அதுக்குள்ள இருக்குற மலையாள எழுத்த யாரும் தொடவே இல்ல, வெறுமனே "சீல்"னு அடிச்சு விட்டிருக்காங்க. கனடா இமிக்ரேஷன்ல இங்கிலீஷ் இல்லாட்டி பிரெஞ்சுல இல்லாத சீல், முத்திரை எல்லாத்தையும் மொழிபெயர்க்கணும்னு தெளிவாவே போட்டிருக்கு.

கடைக்காரர்கிட்ட போய்க் கேட்டேன். "நோட்டரியே சீல் போட்டுட்டாருங்களே, அப்புறம் என்னங்க?"ன்னார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, 1952 நோட்டரி சட்டத்துல மொழிபெயர்ப்பு பண்றதுக்கும் அத சரிபாக்குறதுக்கும் நோட்டரிக்கு அதிகாரம் குடுத்திருக்கு, நம்ம ஊர் ஆபீஸ்ல அது செல்லும். ஆனா கனடா இமிக்ரேஷன் கேக்குறது வேற. மொழிபெயர்த்த ஆள் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் சங்கத்துல உறுப்பினரா இல்லாட்டி, அந்த ஆளே நோட்டரி முன்னாடி நின்னு "எனக்கு ரெண்டு பாஷையும் நல்லாத் தெரியும், இது மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு"ன்னு சத்தியம் பண்ணி அபிடவிட் குடுக்கணும். கூடவே மூலத்தோட சர்டிஃபைட் ஜெராக்ஸ் காப்பியும் வைக்கணும்.

"நீயே எழுதிக் குடுத்துரு கண்ணு, உனக்குத்தான் மலையாளம் நல்லா வருமே"ன்னாங்க சின்னம்மா. முடியாதுங்க. விண்ணப்பிக்கிறவங்க, புருஷன் பொண்டாட்டி, அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, மாமா அத்தை, சித்தப்பா பெரியப்பா பசங்க வரைக்கும் யாரும் செய்யக் கூடாது, அவங்க வக்கீலாவே இருந்தாலும் சரி. பெரியம்மா பையனான நானும் அதுல வந்துருவேன்.

கடைசியில சொந்தமில்லாத ஒரு ரிட்டயர்டு டீச்சரைப் பிடிச்சோம், அவங்களுக்கு மலையாளமும் இங்கிலீஷும் ரெண்டும் அத்துப்படி. மூலத்துல எந்த வரி எங்க இருக்கோ அதே வரிசையில எழுதினாங்க. வட்ட சீல்ல இருந்த பஞ்சாயத்து பேர், கையெழுத்துக்குக் கீழ இருந்த பதவிப் பேர், பதிவு நம்பர், ஓரத்துல அழிஞ்சு போயிருந்த ஒரு வரிக்கு "படிக்க முடியவில்லை"ங்கிற குறிப்பு, எல்லாம் வந்துச்சு. தேதியில மாசத்த எழுத்துலயே போடச் சொன்னேன், 4/6ன்னு போட்டா ஏப்ரலா ஜூனான்னு குழப்பம் வரும். அப்புறம் டீச்சரையே சித்தூருக்குக் கூட்டிட்டுப் போய் நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட வெச்சோம். நம்ம பாலக்காட்டு சித்தூருங்க, ஆந்திரா சித்தூர் இல்ல.

நாட்டுப் பேர் மட்டும் ஏன் பத்தாதுன்னா, இதே பேப்பர் அமெரிக்கா குடிவரவுக்குன்னா நோட்டரியே வேண்டாம், "முழுசா, சரியா மொழிபெயர்த்திருக்கேன், எனக்கு அதுக்குத் தகுதி இருக்கு"ன்னு மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போட்டாப் போதும். ஆஸ்திரேலியான்னா மொழிபெயர்ப்பு எங்க வெச்சு நடந்துச்சுங்கிறது முக்கியம். அங்கயே பண்ணினா மொழிபெயர்ப்பாளர்களுக்கு சான்று குடுக்குற நாட்டி (NAATI)ங்கிற அமைப்போட அங்கீகாரம் இருக்கணும், வெளிய பண்ணினா மொழிபெயர்ப்பாளரோட பேர், அட்ரஸ், போன், தகுதி, அனுபவம் எழுதணும். அட கனடாவுக்குள்ளயே இமிக்ரேஷனுக்கு ஒரு விதி, போய்ச் சேர்ந்த பின்னால மாகாண ஆபீஸ்ல வேற விதி. அதனால கடைக்குப் போகும்போது எந்த டிபார்ட்மென்ட், எந்த விண்ணப்பம்னு சொல்லி செக்லிஸ்ட்டையே பிரிண்ட் எடுத்துக் குடுத்துருங்க. துணைவர் ஸ்பான்சர்ஷிப்புக்கு IMM 5533னு இருக்கு.

இதுக்கு நடுவுல ஒரு ஏஜென்ட், பேப்பர் வெளிநாட்டுல செல்லுறதுக்கு அரசாங்கம் வெச்சுக் குடுக்குற அப்போஸ்டில்ங்கிற சான்று கட்டாயம்னு காசு கேட்டார். இந்தியா 2005லயும் கனடா 2024 ஜனவரியிலயும் அப்போஸ்டிலுக்கான சர்வதேச உடன்படிக்கையில வந்தது நிசம்தான், ஆனா செக்லிஸ்ட்ல பர்த் சர்டிபிகேட்டுக்கு அப்போஸ்டில் கேக்கல, நாங்க பண்ணல.

இதுக்கெல்லாம் முன்னாடி பஞ்சாயத்துல ஒருக்கா கேட்டுப் பாருங்க. அந்தப் பதிவு கம்ப்யூட்டர்ல ஏறியிருந்தா மலையாளமும் இங்கிலீஷும் சேர்ந்த புது காப்பி எடுக்கலாம், அதுல எல்லா விவரமும் இங்கிலீஷ்ல இருந்துச்சுன்னா மொழிபெயர்ப்பே தேவைப்படாது, சீல்ல மட்டும் மலையாளம் இருக்கான்னு பாத்துக்கோங்க. தங்கச்சியோட பதிவு ஏறல, அதனாலதான் இவ்வளவு அலைச்சல்.