தென்பெண்ணை பெருகும்போது: மாட்டைக் கரையில் கட்டலாமா, மேட்டுக்கு ஓட்டலாமா?

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் ஊருக்குப் பெரிய சேதம் அந்தக் காற்றால் வரவில்லை. டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்வான ஊர்களில், மழை விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்தவர்களின் தொழுவத்துக்குள் ஆறு வந்து நின்றது. நாங்கள் அதற்கு முதல் நாளே இரண்டு கறவை மாடுகளையும் ஒரு கன்றையும் ஏற்றிக்கொண்டு கடலூரை ஒட்டிய கேப்பர் மலைப் பக்கம் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டோம். பக்கத்து வீட்டு அக்கா தன் இரண்டு மாடுகளையும் ஊர் எல்லையில் இருக்கும் சாலை மேட்டில் கட்டினார். இரண்டு பேர் மாடும் பிழைத்தது. ஆனால் அந்த ஐந்து நாளும் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி இல்லை.

சாலை மேடும் ஆற்றங்கரையும் பக்கத்திலேயே இருக்கின்றன, வாடகை கிடையாது, வீட்டையும் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் அங்கே போவதற்கு இதுதான் காரணம், அதைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் இரண்டாம் நாள் தொடங்கும். நான்கைந்து ஊர் மாடுகள் நெருக்கமாக நிற்கும்போது, ஒன்றுக்குக் கோமாரியோ தோல் கழலையோ இருந்தால் மற்றதையும் தொற்றும். இரவில் லாரி வரும். மேட்டைத் தேடிப் பாம்பும் வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம் தண்ணீர். சுற்றிலும் வெள்ளம்தான், குடிக்கக் கொடுக்க நல்ல தண்ணீர் இல்லை. ஒரு கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 40 லிட்டர் வேண்டும். அக்கா இரண்டு மாட்டுக்கும் குடம் குடமாக, மனிதர்களுக்கு வந்த டேங்கர் தண்ணீரைத்தான் கேட்டு வாங்கினார்.

மேட்டு ஊருக்குப் போவதில் கஷ்டம் முதல் நாள்தான். ஒரு குட்டியானை வண்டியில் இரண்டு மாடும் கன்றும் நெருக்கிப் பிடித்து ஏறும். எங்கள் சிவப்பி எவ்வளவு இழுத்தும் பலகையில் கால் வைக்கவில்லை. சித்தப்பா, “கன்னுக்குட்டிய முதல்ல ஏத்துடா” என்றார். கன்று உள்ளே நின்று ஒரு குரல் கொடுத்ததும் அவள் தானாக ஏறினாள். வண்டித் தளத்தில் மணலும் வைக்கோலும் பரப்பினோம். இல்லையென்றால் ஈரத் தகரத்தில் வழுக்கி இடுப்பு முறியும். இந்த வழி நேரத்தோடு செய்தால் மட்டும்தான் உதவும். ஊர் ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டால் வண்டி வராது, அப்போது சாலை மேடுதான் கதி.

இரண்டுக்கும் நேரமில்லாமல் போனால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். மாடு நன்றாக நீந்தும், முளையில் கட்டிய மாடுதான் மூழ்கும். நீளக் கயிறு தொங்கினால் முள்வேலியில் சிக்கிக்கொள்ளும், அதனால் அதை முழுக்கக் கழற்றிவிடுங்கள். காதில் இருக்கும் மஞ்சள் அட்டையின் 12 இலக்க எண்ணை முன்னாடியே போனில் படம் எடுத்து வைத்திருந்தால், அப்புறம் “இது என் மாடு” என்று காட்ட அது போதும்.

அடுத்தது தீனி. எங்கள் கணக்கைச் சொல்கிறேன். பால் குறைந்தாலும் பரவாயில்லை, உடம்பு தேறினால் போதும் என்று முடிவு செய்தால், மாட்டுக்கு ஒரு நாளைக்கு 6 கிலோ வைக்கோல். இரண்டு மாட்டுக்கு ஐந்து நாளில் 60 கிலோ, கன்றுக்கு 10 கிலோ, ஆக 70 கிலோ. மெஷின் சுருட்டிய உருளைக்கட்டு ஒன்று 12 கிலோ என்று வைத்தால் ஆறு கட்டு. அதோடு மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ தவிடும் 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொண்டுபோனோம். வைக்கோல் மாட்டின் வயிற்றை நிரப்பும், சத்து அதில் குறைவு. ஆனாலும் அவசரத்துக்கு அதைவிட நம்பகமானது கிடையாது. தார்ப்பாய் போட்டு உயரத்தில் வைத்தால் கெடாது, மாட்டுக்கும் பழகிய தீனி.

எங்கள் பக்கம் வைக்கோலுக்குப் போட்டியாக வருவது கரும்புக் கொழுந்தாடை. நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் வெட்டு தொடங்கியிருந்தால் சும்மாவே கிடைக்கும். பச்சை, மாடு விரும்பித் தின்னும். நறுக்கிப் போட்டால் ஒரு மாடு 15 கிலோ வரை தின்னும். அதில் ஆக்சலேட் இருக்கிறது, அது உடம்பில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. இரண்டு மூன்று நாளுக்குப் பயமில்லை, வாரக்கணக்கில் அதையே போடுவதாக இருந்தால் தாது உப்பு கட்டாயம். காற்றில் சாய்ந்த வாழை மரத்தையும் நறுக்கிப் போடுகிறார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். பசியாறுகிற மாதிரி தெரியும், ஆனால் அதை மட்டும் நம்பினால் மாடு மெலியும். குடிதண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் வைக்கோலோடு சேர்த்துக் கொடுக்க அது நல்ல துணை. மேட்டில் இருந்த எங்களுக்கு இன்னொரு வசதியும் கிடைத்தது: வேலியோரத்தில் அகத்தி, வாதநாராயணன், சூபாபுல் தழை. புரதம் அதில்தான். சூபாபுலை மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட வேண்டாம்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். வெள்ள நேரத்தில் நோய்க்கு அடுத்தபடியாக மாட்டைக் கீழே தள்ளுவது இரக்கம்தான். சாலை மேட்டில் சோற்றுப் பொட்டலம் மிஞ்சும். பசித்த மாட்டைப் பார்த்து யாரோ ஒரு அண்டாச் சோற்றைக் கொட்டுவார்கள். அக்காவின் சின்ன மாட்டுக்கு அதுதான் நடந்தது. வெறும் வயிற்றில் விழுந்த சோறு சில மணி நேரத்தில் புளித்து அமிலமாகிவிடும். முதலில் மாடு அசைபோடுவதை நிறுத்தியது. இடது விலாப் பக்கம் உப்பியது. மறுநாள் காலை புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிந்தது, நடை தள்ளாடியது. கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் போட்டு, கால்நடை மருத்துவர் சொன்னபடி 100 கிராம் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். மாடு நின்றுகொண்டிருந்ததால் அது முடிந்தது. படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், ஊசி மருந்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். சோறு, கஞ்சி, அரிசி எதுவானாலும் இரண்டு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

அடுத்த கேள்வி ஊர் திரும்பிய பிறகு வரும்: நனைந்த வைக்கோல் போரைப் போடலாமா, புதிதாக வாங்கலாமா? எங்கள் போரின் உச்சியில் தொட்டால் காய்ந்துதான் இருந்தது. முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே சுடுசோற்றுப் பானை மாதிரி கொதித்தது. உருவிய கற்றையில் வெள்ளையும் கறுப்புமாகப் பூஞ்சை, உதறினால் தூசி பறந்தது. அதைக் காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும், அது விட்ட நஞ்சு போகாது. தின்ற மாட்டுக்கு வால் நுனியும் காது நுனியும் கறுத்து, குளம்புக்கு மேல் தோல் வெடிக்கும். உச்சிப் பக்கம் நிறம் மாறாமல், நல்ல வாசனையோடு இருந்ததை மட்டும் பிரித்து இரண்டு வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டோம். மிச்சத்தை மாட்டுக்குப் படுக்கையாகக்கூடப் போடவில்லை, படுத்த இடத்திலேயே மேய்ந்துவிடும். வண்டியில் ஏற்றிக் கரும்புக் கொல்லையில் எருவாகக் கொட்டிவிட்டு, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பத்துக் கட்டு வாங்கினோம்.