எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பேட்டரியும் மளிகைக் கடைத் தராசும்

டொராண்டோவிலிருந்து மூன்று வார விடுமுறையில் பெங்களூரு வந்த எனக்கு, அப்பாவின் மடிக்கணினிக்குப் பேட்டரி வாங்குவதிலேயே நான்கு நாள்கள் போயின. சிறுவனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரேடியோ உதிரிபாகம் வாங்கச் சென்ற அதே எஸ்.பி. ரோடு என்பதால், நம்பிக்கையோடுதான் போனேன்.

அது ஆறு வருடப் பழைய டெல் லாட்டிட்யூட் 5490. இந்த மாடலுக்கு வரும் பேட்டரிகளில் இரண்டைச் சொல்கிறேன்: GJKNX என்பது 7.6 வோல்ட், 68 வாட்-ஹவர்; 93FTF என்பது 11.4 வோல்ட், 51 வாட்-ஹவர். மில்லிஆம்பியர்-ஹவர் கணக்கில் முன்னது ஏறக்குறைய 8,900, பின்னது 4,500 என்பதால் ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு என்று தோன்றும். வோல்ட்டால் பெருக்கிக் கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் அதிகம். ஆகவே ஒப்பிட வேண்டியது மொத்த ஆற்றலைக் காட்டும் வாட்-ஹவரை.

முதல் கடையில் மடிக்கணினியின் பெயரைக் கேட்டதுமே, "ஒரிஜினல் மாதிரியே இருக்கும் சார்" என்று ஒரு GJKNX-ஐ எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டில்தான் லேபிளைப் படித்தேன்: 7.6 வோல்ட், 10,000 மில்லிஆம்பியர்-ஹவர், 68 வாட்-ஹவர். 7.6 வோல்ட்டை 10 ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் 76 வர வேண்டும். லேபிள் தன்னோடு தானே முரண்பட்டது. சந்தேகத்தில் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் வைத்தேன். பழையது 90 கிராம் அதிகம். பேட்டரி பழையதாவதால் எடை கூடுவதில்லை. ஆகவே ஒரே அளவுள்ள புதியது இவ்வளவு இலேசாக இருந்தால், உள்ளே செல்களின் சரக்கு குறைவு என்றே பொருள்.

முழுதாக ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிய பின் விண்டோஸின் பேட்டரி அறிக்கைக்காக இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்:

```
powercfg /batteryreport
```

DESIGN CAPACITY 68,000 mWh. FULL CHARGE CAPACITY 39,400 mWh. முதல் எண் பேட்டரியின் சிப்பில் எழுதி வைத்தது மட்டுமே, அதை யாரும் எழுதலாம். இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். 35 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தபோதே மடிக்கணினி அணைந்தது. வேலைப் பளு கூடும்போது வோல்ட் சட்டென்று சரிவதுதான் மட்டமான செல்லின் குணம்.

டொராண்டோவில் பல கடைகளில் ரசீதைக் காட்டினால் பணம் திரும்பிவிடும். இங்கே, "மாற்றித் தருவோம், பணம் கிடையாது" என்றார்கள். மாற்றித் தந்ததும் அதே எடைதான். வாதாடி ஓய்ந்து, மனம் கசந்து வெளியே வந்தேன்.

நான்காம் நாள், இரண்டு சந்து தள்ளி, தமிழ் பேசும் பெரியவர் ஒருவரின் சிறிய கடை. "மாடல் பேரை விடுங்க தம்பி, பழைய பேட்டரிய காட்டுங்க" என்று வாங்கி, குறியீட்டையும் வோல்ட்டையும் கனெக்டரின் அமைப்பையும் தம்மிடமிருந்ததோடு ஒப்பிட்டார். மாட்டிப் பார்த்து, அதே அறிக்கையை எடுத்து, முழுக் கொள்ளளவு 66,900 mWh, எத்தனை சுற்று ஏற்றி இறக்கியது என்பதைச் சொல்லும் CYCLE COUNT 1 என்று காட்டிய பிறகே பணம் கேட்டார். முதல் கடையைவிட 900 ரூபாய் அதிகம்; மனமாரக் கொடுத்தேன்.

ஊருக்குக் கிளம்பும் முந்தைய இரவு அப்பா அதை 100-லிருந்து 6 சதவீதம் வரை ஓட்டினார். எங்கும் தாவாமல், ஒன்று ஒன்றாக இறங்கியது.