குரலை வெட்டுவதா, படத்தை நிறுத்துவதா?

விளக்க வீடியோவில் திரையில் வேலை முடிந்த பிறகும் குரல் பேசிக்கொண்டே இருந்தால் மூன்று வழிகள் உண்டு. குரலை வேகப்படுத்தலாம், படத்தை உறையவைக்கலாம், வாக்கியத்தையே வெட்டலாம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டு இப்போது வெட்டும் கட்சியில் இருக்கிறேன்.

வேகப்படுத்துவது சின்ன மீறலுக்குச் சரி. பத்து சதவீதம் வரை என் காதுக்கே தெரிவதில்லை. அதைத் தாண்டினால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் மூச்சிரைக்க ஓடுகிறது.

உறையவைப்பது கடைசி ஃப்ரேமை நீட்டிவைக்கும் வேலை. திரை அசையாமல் இருக்கும் இடத்தில் யாருக்கும் தெரியாது. மவுஸ் நகரும்போது செய்தால், கணினி தொங்கிவிட்டது போல் இருக்கும்.

வெட்டுவதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். மவுஸ் மேலே போகிறது, சேமி பொத்தானை அழுத்துகிறது. மொத்தம் 3 விநாடி. நான் முதலில் எழுதியது: "இப்போது நீங்கள் திரையின் வலது மேல் மூலையில் இருக்கும் சேமி என்ற பொத்தானை அழுத்த வேண்டும்." தமிழில் ஒரே சொல் நீண்டுகொண்டு போகும் என்பதால் சொற்களை எண்ணிப் பயனில்லை. வாய்விட்டுச் சொல்லி, ஒலித்துண்டுகளை எண்ணுவேன்: இப்-போ-து என்றால் மூன்று. இந்த வாக்கியத்தில் 30. நிதானமாகப் படித்தால் எனக்கு விநாடிக்கு ஆறு வரும், ஆக 5 விநாடி. அரை விநாடி மௌனம் விட்டால் கையில் இருப்பது 15 துண்டுகள்தான்.

திரையில் தெரிவதைச் சொல்ல வேண்டியதில்லை. "இப்போது நீங்கள்", "திரையின்", "என்ற பொத்தானை" எல்லாம் போகட்டும். மிஞ்சியது: "மேலே வலப்பக்கம் சேமியை அழுத்துங்கள்." 13 துண்டுகள், இரண்டே கால் விநாடிக்குள் முடிகிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தமிழில் வினை கடைசியில்தான் வரும். நீண்ட வாக்கியத்தில் "அழுத்த" என்று கேட்கும்போது கிளிக் நடந்து முடிந்திருக்கும். அதனால் டைம்லைனில் வாக்கியத்தின் தொடக்கத்தைப் பார்க்காமல், "அழுத்துங்கள்" என்ற சொல் கிளிக் ஃப்ரேமில் விழும்படி முழு வாக்கியத்தையும் பின்னோக்கி நகர்த்துகிறேன்.

ஆனால் என்னை முடிவு செய்யவைத்தது பராமரிப்பு. முன்பு ஒரு வீடியோவை ஏழெட்டு இடங்களில் உறையவைத்து ஒப்பேற்றியிருந்தேன். பிறகு அந்த மென்பொருளில் பொத்தான் இடம் மாறியது. புதிய திரைப்பதிவில் மவுஸ் நகர்ந்த நேரமே வேறு, பழைய உறைநிலைகள் எதுவும் பொருந்தவில்லை. ஒரு பொத்தானுக்காக முழு டைம்லைனையும் பிரித்து மேய்ந்தேன். இப்போது ஒவ்வொரு வாக்கியமும் தனிக் கோப்பு, தனக்குரிய விநாடிகளுக்குள் அடங்கியது. மாறினால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதிப் பேசி, அதே இடத்தில் வைக்கிறேன். அடுத்த வாக்கியம் நகராது.

இதெல்லாம் திரைப்பதிவு வீடியோக்களை வைத்துச் சொல்வது. வரைகலை அனிமேஷனில் என் அனுபவம் குறைவு, அங்கே படத்தின் நேரத்தை மாற்றுவது எளிதாக இருக்கலாம். எண்கள் நிறைந்த அட்டவணை வந்தால் நானும் உறையவைக்கிறேன்தான். அதைப் பார்ப்பவர் படிக்க நேரம் வேண்டுமே.