மாத்திரை விடுபட்ட நாள்கள்: ஒரே பதிவு, மூன்று வாசிப்புகள்

மருந்துப் புட்டியின் மூடிக்குள் சிறிய மின்னணுச் சில்லு ஒன்றைப் பொருத்துவது உண்டு. மூடி திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது தேதியையும் நேரத்தையும் பதிந்துகொள்ளும். உயர் ரத்த அழுத்தத்துக்காக, சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரையைத் தினமும் காலையில் விழுங்க வேண்டிய ஒரு பஸ் ஓட்டுநரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய பதிவில் 30 நாள்களில் 21 நாள்கள்தான் மூடி திறந்திருக்கிறது. ஏன் என்று கேட்டால், "மறந்துபோய்விடுகிறது" என்கிறார். இந்த ஒரு பதிவை வைத்துக்கொண்டு மூன்று ஆய்வாளர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்கலாம்.

முதலாமவர் நேர்க்காட்சிவாதி. அளக்கக்கூடியவற்றுக்கு இடையே திரும்பத் திரும்ப வரும் தொடர்பே அறிவியலின் மூலப்பொருள் என்பது அவர் நிலை. ஓட்டுநர் மருந்தை எடுத்த அளவு 70 சதவீதம். இத்துறையில் வழக்கமாக வைக்கப்படும் எல்லைக்கோடு 80 சதவீதம் என்பதால், அவர் 'ஒழுங்காக எடுக்காதவர்' பட்டியலில் சேர்வார். அவரைப் போல ஆயிரம் பேரைத் திரட்டி வயது, மாத்திரைகளின் எண்ணிக்கை, பக்கவிளைவு, செலவு ஆகியவற்றில் எது மருந்தை விடுவதோடு சேர்ந்து வருகிறது என்று இவர் கணக்கிடுவார். இதை இளக்காரமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வளர்ந்த நாடுகளில்கூட நாள்பட்ட நோயாளிகளில் சராசரியாகப் பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது, இப்படி எண்ணிப் பார்த்தவர்கள் இருந்ததால்தான்.

ஆனால் 'ஏன்' என்ற இடத்தில் இந்த முறை திணறுகிறது. 80 சதவீதம் எடுத்த இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஐந்து நாளைக்கு ஒருமுறை விட்டவர், மற்றவர் மாதக் கடைசியில் ஆறு நாள் தொடர்ந்து விட்டவர். இரண்டும் வெவ்வேறு கதைகள், அட்டவணையில் ஒரே எண். இன்னொரு சிக்கலும் உண்டு. அடிக்கடி சிறுநீர் வருவது, கழிப்பறை பக்கத்திலேயே இருப்பவருக்குப் பொருட்டே அல்ல. நான்கு மணி நேரம் இருக்கையைவிட்டு எழ முடியாதவருக்கு அது தண்டனை. இருவரையும் ஒரே கணக்கில் சேர்த்துச் சராசரி பார்த்தால், பக்கவிளைவுக்குப் பெரிய பங்கில்லை என்று விடை வரக்கூடும். கழிப்பறை வசதியையும் ஒரு மாறியாகச் சேர்த்தால் போயிற்று என்று அவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் சேர்க்க வேண்டியது அதுதான் என்று அவருக்கு எண்கள் சொல்லாது.

இரண்டாமவர் பொருள்கோள்வாதி. மனிதச் செயலுக்கு, செய்பவர் தரும் பொருளே திறவுகோல் என்பார் இவர். சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் வலியுறுத்திய 'உள்நின்று புரிந்துகொள்ளுதல்' இவருடைய பிடிமானம். மருத்துவச் சமூகவியலாளர் பீட்டர் கான்ராட் வலிப்பு நோயோடு வாழும் 80 பேரிடம் பேசி 1985இல் எழுதிய கட்டுரை இந்த வழியின் வலிமைக்கு நல்ல சாட்சி. மருத்துவர்கள் 'சொன்னபடி கேட்கவில்லை' என்று பார்த்த இடத்தில், தங்கள் வாழ்க்கையைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ள மருந்தின் அளவைத் தாங்களே சீர்செய்துகொள்ளும் மனிதர்களை அவர் கண்டார்.

நம் ஓட்டுநரிடம் இந்த ஆய்வாளர் மூன்றாவது முறை பேசும்போது, "நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது வண்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கிப் போனால் என்ன நினைப்பார்கள்?" என்ற சொல் வெளிவரும். 'மறதி' என்பது மரியாதைக்காகச் சொன்னது என்று அப்போது புரியும். எந்தக் கேள்வித்தாளும் இதைப் பிடித்திருக்காது. ஆனாலும் இந்த வழி தன் கண்டிப்பான வடிவில் அங்கேயே நின்றுவிடும். அவர் சொன்னது ஒரு பொருள், மருத்துவர் சொல்வது இன்னொரு பொருள், எது உண்மைக்கு நெருக்கம் என்று தீர்ப்புச் சொல்வது தன் வேலையல்ல என்பார் ஆய்வாளர். இடைவேளையே இல்லாத பணி அட்டவணையும் மாத்திரை சிறுநீரகத்தில் செய்யும் வேலையும், ஓட்டுநர் அவற்றுக்கு என்ன பொருள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

மூன்றாமவரான விமர்சன யதார்த்தவாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறார். தத்துவவாதி ராய் பாஸ்கர் 1975இல் முன்வைத்த சிந்தனையின்படி உண்மைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலே இருப்பது நாம் உணர்ந்தது, பதிந்தது. இங்கே மூடியின் பதிவும் ஓட்டுநரின் சொல்லும். அதற்குக் கீழே உண்மையில் நடந்தது: மாத்திரை எந்தெந்த நாளில் வயிற்றுக்குள் போனது என்பது. மூடியைத் திறந்துவிட்டு விழுங்காமலும் இருக்கலாம் என்பதால் இரண்டும் ஒன்றல்ல. அடியில் இருப்பவை, நிகழ்ச்சிகளைப் பிறப்பிக்கும் இயங்குமுறைகள்.

அடியில் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே அவர் பின்னோக்கி ஊகிக்கிறார்: இந்தப் பதிவு இப்படி அமைய வேண்டுமென்றால் அடியில் என்ன இருந்திருக்க வேண்டும்? காரணம் மறதி என்றால் விடுபட்ட நாள்கள் அங்குமிங்கும் சிதறியிருக்க வேண்டும். ஆனால் விடுபட்ட ஒன்பது நாள்களும் நெடுந்தொலைவு ஓட்டிய நாள்கள். இந்த மாத்திரையின் வேலை விழுங்கிய சுமார் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி நான்காவது மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். ஓட்டுநர் அப்போது நெடுஞ்சாலை நடுவே இருப்பார். விடாமல் எடுத்துவந்தால் இந்தத் தொல்லை வாரங்கள் செல்லச்செல்லத் தணிவதுண்டு. விட்டு விட்டு எடுப்பவருக்கோ தேங்கிய உப்பும் நீரும் மறுபடி எடுக்கும் நாளில் வெளியேறும்; அந்த அனுபவமே அடுத்த முறை விடச் சொல்லும். ரத்த அழுத்தம் வலிப்பதில்லை, மாத்திரைதான் படுத்துகிறது. உடல் கற்றுக்கொடுக்கும் பாடம் தலைகீழாகிவிடுகிறது.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. நெடுந்தொலைவுப் பணி மொத்தம் 12 நாள்கள்; அவற்றில் மூன்று நாள்களில் மூடி திறக்கப்பட்டிருக்கிறது. மூன்றுமே மருத்துவரைப் பார்க்கப்போவதற்குச் சற்று முந்தைய நாள்கள். மருத்துவரைச் சந்திக்கும் நாள் நெருங்கும்போது மருந்து ஒழுங்குபடுவது இத்துறையினர் நன்கு அறிந்ததுதான். நேர்க்காட்சிவாதிக்கு இந்த மூன்று நாள்கள் 'விடவில்லை' என்ற கட்டத்தில் விழும். யதார்த்தவாதியோ, விடத் தூண்டிய இயங்குமுறை அன்றும் இருந்தது, மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்ற அச்சம் அதை மிஞ்சிவிட்டது என்பார். அப்படியானால் அது வேறு எங்காவது வெளிப்பட வேண்டுமே? அந்த நாள்களில் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்பார். வண்டியிலிருந்து இறங்கும்வரை குடிக்கவே இல்லை என்று பதில் வந்தால், மாத்திரையும் போட்டு வறண்டுபோன உடலோடு வண்டி ஓட்டியிருக்கிறார். 'ஒழுங்காக எடுத்த' நாள்தான் அவருக்கு ஆபத்தான நாள்.

'ஏன்' என்ற கேள்விக்கு நான் இந்த மூன்றாவது வழியையே தேர்வேன். ஆனால் இதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு, பலர் அங்கே விழுவதைப் பார்த்திருக்கிறேன். 'ஊக்கமின்மை' என்று ஒன்றை எழுதி, அதற்கு இயங்குமுறை என்று பெயர் சூட்டிவிடுவார்கள். மருந்து எடுக்கவில்லை என்பதையே வேறு சொல்லில் சொல்வது அது. ஒரு இயங்குமுறை உண்மையானது என்றால், நாம் இன்னும் பார்க்காத ஒன்றை அது முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நம் ஊகப்படி, இதே ஓட்டுநரைப் பணிமனை அலுவலகத்துக்கு மாற்றினால் யாரும் அறிவுரை சொல்லாமலே விடுபடும் நாள்கள் குறைய வேண்டும். சிறுநீரைப் பெருக்காத வேறு வகை மாத்திரைக்கு மாற்றினாலும் குறைய வேண்டும். இரண்டிலும் குறையாவிட்டால் ஊகம் தவறு. மறுபடி ஓட்டுநரிடம் போய் உட்கார வேண்டியதுதான். குறைந்தால், இதே இயங்குமுறை வேறு யாரிடமெல்லாம் செயல்படும் என்று தேட இடைவேளையற்ற வேலை செய்கிறவர்களின் பட்டியல் வேண்டும். அதை எடுக்க முதலாமவரின் எண்ணிக்கை முறைதான் கைகொடுக்கும்.